என்ன வேலை, எத்தனை வருஷம்?

"மாமா, வியாழக்கிழமை இன்டர்வியூ இருக்குங்க. கேள்வி கொஞ்சம் அனுப்பி விடுங்க."

வாட்ஸ்அப்பில் வந்தது இவ்வளவுதான். அனுப்பியது எங்கள் தெருமுனை வீட்டுப் பெண். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் நான்கு வருஷமாகக் கணக்கு எழுதுகிறாள் என்பது எனக்குத் தெரியும். நானும் இருபது வருஷத்துக்கு மேல் இதே ஊரில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தவன். ஆள் எடுக்கும்போது முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்ட அனுபவமும் உண்டு. அதனால் தெருவில் யாருக்கு இன்டர்வியூ என்றாலும் செய்தி என் போனுக்கு வந்துவிடும்.

அன்றைக்கு நான் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. பழைய பென்டிரைவில் நாற்பது கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், பலம் என்ன, பலவீனம் என்ன, இரட்டைப் பதிவு முறை என்றால் என்ன, தேய்மானம் என்றால் என்ன, வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல் எதற்கு என்று போகும் பட்டியல். அதை அப்படியே அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். அவளும் மூன்று நாள் உட்கார்ந்து நாற்பதையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை போன் வந்தது. குரலே சரியில்லை. "மாமா, அவங்க பி.ஆர்.சி. எப்படி எடுப்பீங்கன்னு கேட்டாங்க. நான் பி.ஆர்.எஸ்.னு நெனச்சு வங்கிச் சரிக்கட்டுப் பட்டியலைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசிட்டேனுங்க. அவங்க நடுவுல நிறுத்தக்கூட இல்ல."

அவள் போனது ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு. அங்கே பி.ஆர்.சி. என்றால், வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததற்கான வங்கிச் சான்று. சரக்கு ஏற்றுமதியானதற்கு ஷிப்பிங் பில் சாட்சி என்றால், அதற்கான டாலர் வந்ததற்கு இது சாட்சி. முன்பெல்லாம் வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போது வங்கி மின்னணு முறையில் அனுப்பும் வரவு விவரத்தை வைத்து, அந்நிய வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் ஏற்றுமதியாளரே எடுத்துக்கொள்ளலாம். ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிள்ளைக்கு இது அன்றாட வேலை. சாயப்பட்டறையில் இந்த வார்த்தை காதில் விழவே விழாது, ஏனென்றால் அங்கே வாடிக்கையாளர் பக்கத்துத் தெரு பனியன் கம்பெனிதான்.

குற்றம் என்னுடையது. அவளுக்கு என்ன வேலை, எந்த மாதிரிக் கம்பெனி, இத்தனை நாள் அவள் கையால் என்னென்ன செய்திருக்கிறாள் என்று எதையும் கேட்காமல் கேள்வி கொடுத்தேன். காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேட்காமல் மாத்திரை கொடுத்த மருந்துக் கடைக்காரன் மாதிரி.

நேர்காணல் கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு ஏன் நடக்கிறது என்பது புரியும். ஒழுங்காக ஆள் எடுக்கிற இடத்தில் கேள்வி புத்தகத்திலிருந்து வருவதில்லை, வேலையிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படைக்கு விமானிகளைத் தேர்வு செய்யும் ஆய்வில் இருந்த ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர், ஒரு வேலையை நன்றாகச் செய்தவரும் கெடுத்தவரும் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் என்ன செய்தார்கள் என்று சம்பவம் சம்பவமாகச் சேகரிக்கும் முறையை வகுத்து, 1954இல் கட்டுரையாக வெளியிட்டார். 1980இல் கேரி லேத்தமும் அவருடன் சேர்ந்தவர்களும் அப்படிச் சேகரித்த சம்பவங்களையே நேர்காணல் கேள்விகளாக மாற்றினார்கள். "இப்படி ஒரு நிலைமை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று இன்றைக்கு எல்லா அலுவலகத்திலும் கேட்கிறார்களே, அதற்கு அது ஒரு முக்கியமான மூலம். வேலையில் நடக்கிற சம்பவம் தெரியாமல் அந்தக் கேள்வியைத் தயாரிக்கவே முடியாது.

திருப்பூர் முதலாளிக்கு ஃபிளானகனைத் தெரியாது. ஆனால் அவரும் இதைத்தான் செய்கிறார். போன மாதம் ஒரு பார்ட்டிக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது என்றால், இந்த மாதம் வருகிறவரிடம் முதல் கேள்வி அதைப் பற்றித்தான். அவர் நெஞ்சில் எந்த முள் தைத்திருக்கிறதோ அதுதான் கேள்வியாக வெளியே வரும்.

வேலையைச் சொல்லிவிட்டால் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி அனுபவம். ஒரே விஷயம் அனுபவத்துக்குத் தக்கபடி எப்படி மூன்று வெவ்வேறு கேள்வியாகிறது என்று ஒரே ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்க்கலாம். அந்தப் பெண் தேவையில்லாத இடத்தில் ஐந்து நிமிஷம் பேசிய அதே வங்கிச் சரிக்கட்டுப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம்.

நம் கணக்குப் புத்தகத்தில் வங்கி இருப்பு 1,84,500 ரூபாய் என்று இருக்கிறது. வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்தால் 2,11,300 ரூபாய் என்கிறது. வித்தியாசம் 26,800 ரூபாய். எங்கே போனது, அல்லது எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் இந்த வேலை. தேடினால் நான்கு விஷயம் அகப்படுகிறது. ஒரு பார்ட்டிக்கு நாம் எழுதிக் கொடுத்த 40,000 ரூபாய் செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை. நாம் போட்ட 15,000 ரூபாய் செக் இன்னும் பாஸாகவில்லை. வங்கி 700 ரூபாய் கட்டணம் எடுத்திருக்கிறது, நாம் எழுதவில்லை. யாரோ நேரடியாக 2,500 ரூபாய் கணக்கில் போட்டிருக்கிறார்கள், அதையும் நாம் எழுதவில்லை. 1,84,500உடன் 40,000ஐக் கூட்டி, 15,000ஐயும் 700ஐயும் கழித்து, 2,500ஐக் கூட்டினால் சரியாக 2,11,300 வந்துவிடும்.

பி.காம். முடித்துவிட்டு முதல் வேலைக்கு வருகிற பையனிடம் இந்தக் கணக்கையே கேட்கலாம். நான்கு காரணத்தையும் சொல்கிறானா, எதைக் கூட்ட வேண்டும் எதைக் கழிக்க வேண்டும் என்பதில் தடுமாறுகிறானா என்று பார்த்தால் போதும். நான் இன்னொன்றும் கேட்பேன். நம் புத்தகத்தில் வங்கி இருப்பு டெபிட் பக்கம் இருக்கிறது, வங்கி ஸ்டேட்மென்டில் அதே பணம் கிரெடிட் என்று வருகிறதே, ஏன்? பாடத்தை உருப்போட்டவன் இங்கே விழிப்பான். புரிந்து படித்தவன், நம் பணம் வங்கிக்குக் கடன், அதனால் அவர்கள் புத்தகத்தில் நாம் கடன் கொடுத்தவர் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவான். புதியவரிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். வேலை தெரிய வேண்டியதில்லை, வேலைக்கு அடியில் இருக்கும் தர்க்கம் தெரிந்தால் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மூன்று நான்கு வருஷம் வேலை பார்த்தவரிடம் இதைக் கேட்டால் அவரை அவமானப்படுத்துவது போல ஆகிவிடும். அவரிடம் அந்த 40,000 ரூபாய் செக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். ஜனவரி 5 தேதியிட்ட பில்லுக்குப் பிப்ரவரி 10 தேதி போட்டுச் செக் கொடுத்தோம். இன்றைக்கு ஜூன் 30. செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை. என்ன செய்வீர்கள்?

"பட்டியலில் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவேன்" என்று சொன்னால் நேர்காணல் அங்கேயே முடிந்தது. 2012 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். பிப்ரவரி 10 தேதியிட்ட செக் மே மாதமே செத்துவிட்டது. இனி அது வங்கிக்கு வரவே வராது. பார்ட்டியைக் கூப்பிட்டு, செக் கைக்குக் கிடைத்ததா, தொலைந்ததா, பீரோவில் கிடக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய செக்குக்கான பதிவைத் திருப்பி எழுதி, 40,000 ரூபாயை மறுபடியும் அந்தப் பார்ட்டிக்குத் தர வேண்டிய பாக்கியாகக் காட்ட வேண்டும். பிறகு புதிதாகப் பணம் அனுப்ப வேண்டும். இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னால் ஆள் வேலை தெரிந்தவர்.

கூர்மையான ஆள் இதோடு நிறுத்த மாட்டார். அந்தப் பில்லின் ஜி.எஸ்.டி.யை நாம் உள்ளீட்டு வரவாக ஏற்கெனவே எடுத்திருப்போம் அல்லவா? பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்றால் அந்த வரவை வட்டியுடன் திருப்ப வேண்டும் என்பது சட்டம். ஜனவரி 5இலிருந்து எண்ணினால் 180ஆவது நாள் ஜூலை 4. இன்றைக்கு ஜூன் 30. நான்கே நாள் இருக்கிறது. "மொதல்ல இன்னிக்கே பணத்தை ஆர்.டி.ஜி.எஸ்.லயோ நெஃப்ட்லயோ அனுப்பிட்டுத்தாங்க மத்ததப் பேசுவேன்" என்று ஒருவர் சொன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். சொன்ன மறுநிமிஷம் 40,000 ரூபாய் என்பதால் ஆர்.டி.ஜி.எஸ். போகாது, அதற்குக் குறைந்தது இரண்டு லட்சம் வேண்டும், நெஃப்ட்தான் என்று அவரே திருத்திக்கொண்டால் இன்னும் விசேஷம்.

பத்துப் பன்னிரண்டு வருஷ அனுபவத்தோடு மேனேஜர் பதவிக்கு வருகிறவரிடம் இந்தச் செக்கைப் பற்றிக் கேட்பதே வீண். அவரிடம் கேள்வி வேறு மாதிரி வரும். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் தயாரித்த பட்டியலில் ஒரே 40,000 ரூபாய் ஐந்து மாதமாக வருகிறது. ஒவ்வொரு மாதமும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்போது ஆடிட்டர் கண்டுபிடித்துவிட்டார். என்ன சொல்வீர்கள், எதை மாற்றுவீர்கள்?

இங்கே விதி தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் தன் கையெழுத்தை ஒத்துக்கொள்கிறாரா, இல்லை கீழே இருப்பவர் தலையில் போடுகிறாரா என்பதைப் பார்ப்பார்கள். அடுத்தது, செக் எழுதுகிறவரும் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளா என்ற கேள்வியை அவராகவே எழுப்புகிறாரா என்பது. ஒரே ஆளாக இருந்தால் பணத்தைச் சுருட்டுவதற்கு அதைவிட வசதி வேறில்லை, பட்டியலில் "இன்னும் வரவில்லை" என்ற வரிக்குப் பின்னால் எதையும் ஒளித்து வைக்கலாம். வராத செக்குகளை நாள் கணக்கோடு தனியே எழுதச் சொல்வேன், அறுபது நாள் தாண்டியதற்கெல்லாம் போன் செய்து பேசிய விவரம் எழுதியிருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று செய்முறையாகச் சொல்கிறவர் மேனேஜர். "இனி கவனமா இருப்பேங்க" என்கிறவர் இன்னும் உதவியாளர்தான், சம்பளம் எவ்வளவு வாங்கினாலும்.

பார்த்தீர்களா, ஒரே பட்டியல், ஒரே நாற்பதாயிரம். முதலாமவரிடம் அது கணக்கு, இரண்டாமவரிடம் விதியும் கெடுவும், மூன்றாமவரிடம் ஆள் நிர்வாகம். நான் அனுப்பிய நாற்பது கேள்விகளில் இருந்தது "வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல் எதற்கு?" என்ற ஒரு வரி. அது புதியவருக்கு மட்டும் பொருந்தும். நான்கு வருஷம் வேலை பார்த்த பெண்ணுக்கு அதைக் கொடுத்ததால், அவளுக்கு நன்றாகத் தெரிந்ததையே மூன்று நாள் படிக்க வைத்தேன். தெரியாதது எது என்று அவளும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. "நாலு வருஷம்" என்று அவள் சொல்லியிருந்தாலும் எனக்கு அது போதாது. பிறகு உட்கார்ந்து விசாரித்தபோது தெரிந்தது, அந்தப் பட்டறையில் வவுச்சர், வங்கி, பார்ட்டி பாக்கி எல்லாம் அவள் தனியாகப் பார்த்திருக்கிறாள். ஜி.எஸ்.டி. ரிட்டனுக்கு வேண்டிய எக்ஸெல் தாளைத் தயார் செய்து ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாள், ரிட்டன் போட்டது அவர்கள். டி.டி.எஸ். பிடித்தமெல்லாம் பக்கத்து மேசையில் நடந்ததைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவே. இதே நான்கு வருஷத்தில் வேறொரு சின்னக் கம்பெனியில் ஒரே ஆளாக இருந்து ரிட்டன் வரை தானே போட்ட பெண்ணும் இருப்பாள். இரண்டு பேருக்கும் வருஷம் ஒன்றுதான், கேள்வி ஒன்றல்ல.

அதனால் இப்போதெல்லாம் அனுபவத்தை வருஷத்தால் சொல்லாதீர்கள் என்கிறேன். யாரும் சரிபார்க்காமல் தனியாகச் செய்தது எது, செய்தாலும் இன்னொருவர் பார்த்துத் திருத்தியது எது, பக்கத்தில் இருந்து பார்த்தது மட்டும் எது என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன். கேள்வி பெரும்பாலும் முதல் வகையிலிருந்து வரும், ஏனென்றால் பயோடேட்டாவில் அதைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருப்பீர்கள். மாட்டிக்கொள்வது மூன்றாவது வகையில். பார்த்ததை மட்டும் வைத்து "டி.டி.எஸ். தெரியும்" என்று எழுதிவிட்டால், கான்டிராக்டருக்குப் பணம் கொடுக்கும்போது எந்தக் கட்டத்தில் பிடிப்பீர்கள், பில் வரவு வைக்கும்போதா, பணம் கொடுக்கும்போதா என்று ஒரு கேள்வி வரும். எது முன்னால் வருகிறதோ அப்போது என்பது பதில். செய்தவர் யோசிக்காமல் சொல்வார். பார்த்தவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தவறுவார்.

அடுத்து வேலை. "அக்கவுண்டன்ட்" என்ற பெயரில் எதுவும் இல்லை. நம் ஊர் விளம்பரங்களைப் பாருங்கள். "அக்கவுண்டன்ட் தேவை. டேலி தெரிந்திருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை." கீழே ஒரு போன் நம்பர். இந்த மூன்று வரியை வைத்து யாராலும் கேள்வி ஊகிக்க முடியாது. ஏற்றுமதிக் கம்பெனி என்றால் வங்கி முன்கடன், ஷிப்பிங் பில், டாலர் மதிப்பு மாறும்போது வரும் லாப நஷ்டம் எல்லாம் வரும். சாயப்பட்டறை என்றால் ஜாப் ஒர்க் சலான், கொடுத்த துணிக்கும் திரும்பிய துணிக்கும் உள்ள எடை வித்தியாசம். சூப்பர் மார்க்கெட் என்றால் இருப்புக் கணக்கு, நாள் முடிவில் கல்லாவில் குறைகிற பணம். ஆடிட்டர் அலுவலகம் என்றால் அதே வங்கி இருப்பைக் கம்பெனி காட்டும் காகிதத்தை நம்பாமல் வங்கியிடமே நேரில் உறுதிக் கடிதம் வாங்குவது ஏன் என்று கேட்பார்கள்.

விளம்பரம் சொல்லவில்லை என்றால் போனில் கேட்டுவிடலாம். நம் ஆட்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள், கேட்டால் வேலை போய்விடும் என்று நினைப்பு. நேர்காணல் தேதி சொல்ல அவர்கள் கூப்பிடும்போதே, "மேடம், இது புது போஸ்ட்டுங்களா, முன்னாடி ஒருத்தர் பார்த்துட்டு இருந்ததுங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என் கணக்கில் இது ஒன்றே பாதி ரகசியத்தைச் சொல்லிவிடும். முன்பு ஒருவர் பார்த்த வேலை என்றால் அவர் என்ன பார்த்தார் என்பதே உங்கள் பாடத்திட்டம். புது போஸ்ட் என்றால் கம்பெனி பெரிதாகிறது, இருக்கிறவர்களால் சமாளிக்க முடியவில்லை, அதனால் எது தேங்கி நிற்கிறதோ அதிலிருந்து கேள்வி வரும். கூடவே, அக்கவுண்ட்ஸில் மொத்தம் எத்தனை பேர், நான் யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்றும் கேட்கலாம். நேரே முதலாளியிடம் என்றால் எல்லாவற்றையும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு பேர் கொண்ட பிரிவில் ஒருவர் என்றால் ஒரு துண்டை ஆழமாகக் கேட்பார்கள்.

கொஞ்சம் பெரிய கம்பெனிகள் வேலை விவரத்தை ஒரு பக்கம் எழுதியே அனுப்புகின்றன. அது கிடைத்தால் வேறு எவருடைய பட்டியலும் வேண்டாம். அதில் வரும் வினைச்சொற்களை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். "சப்ளையர் பில்களைப் பதிவு செய்தல்" என்று இருந்தால், பர்ச்சேஸ் ஆர்டரில் 500 கிலோ, வந்து இறங்கியது 480 கிலோ, பில் 500 கிலோவுக்கு, எதைப் பதிவு செய்வீர்கள் என்று கேள்வி. "சரிபார்த்தல்" என்று இருந்தால், ஜி.எஸ்.டி. தளத்தில் மாதாமாதம் வரும் 2பி பட்டியலில் இல்லாத பில் நம் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி. "ஒருங்கிணைத்தல்" என்று இருந்தால் பிறரிடம் வேலை வாங்க வேண்டும் என்று பொருள், குடோன்காரர் தாளைத் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஒரு பக்கத்தில் ஏழெட்டு வினைச்சொல் இருக்கும். அவற்றில் தவறிப்போகக் கூடிய கட்டம் எது என்று ஒவ்வொன்றிலும் யோசித்தால், வரப்போகும் கேள்விகளில் பெரும்பகுதி கையில் இருக்கும்.

எந்த வேலைக்கும் பொதுவான கேள்வி இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. ஏன் இந்த வேலையை விடுகிறீர்கள், எப்போது சேர முடியும், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள். ஹெச்.ஆர். சுற்றில் இவை எங்கும் வரும். கல்லூரி வளாகத்துக்கே வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய மென்பொருள் கம்பெனிகளில் என்ன வேலை என்பது எடுத்த பிறகுதான் முடிவாகும், அங்கே பொதுப் பட்டியலைப் படிப்பதில் தப்பே இல்லை. மற்ற இடங்களில் இந்தப் பொதுக் கேள்விக்குக்கூடப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் புதியவர் படிப்பையும் புராஜெக்டையும் சொல்லலாம். பத்து வருஷக்காரர் பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

கேள்வி கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீனியர் அண்ணன், அத்தை, பழைய வாத்தியார் என்று யாரிடமாவது இந்த மொட்டைச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கும். இருப்பதை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்ற நினைப்பில்தான் நானும் இருந்தேன். என்ன வேலை, என்னென்ன தனியாகச் செய்திருக்கிறாய் என்று இரண்டே கேள்வி திருப்பிக் கேட்டால் போதும். பதினைந்து கேள்வி கேட்டு அலைக்கழிக்க வேண்டாம், பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். நேரமில்லை, நாளைக் காலையில் இன்டர்வியூ என்றால், "ஏற்றுமதிக் கம்பெனி, நாலு வருஷம், பில் போடுகிற வேலை என்று வைத்துக்கொண்டு இந்த எட்டுக் கேள்வியை அனுப்புகிறேன், வேறு வேலை என்றால் சொல்" என்று எழுதி அனுப்பலாம். ஊகம் தப்பாக இருந்தால் படிக்கிறவர் உடனே கூப்பிட்டுவிடுவார். எனக்கு அந்த ஒரு வரி எழுதத் தோன்றியிருந்தால், "ஏற்றுமதின்னா பி.ஆர்.சி.னு ஒண்ணு இருக்காமே, அது என்னங்க மாமா?" என்று திங்கட்கிழமையே போன் வந்திருக்கும்.

அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்து மறுபடியும் செய்தி அனுப்பினாள். "மாமா, அவிநாசி ரோட்டுல ஒரு கார்மென்ட்ஸ், உள்நாட்டு வியாபாரம் மட்டும். சப்ளையர் பில் பாக்கற வேலை, முன்னாடி இருந்தவங்க கல்யாணமாகிப் போயிட்டாங்க. மேல ஒரு மேனேஜர், கூட ரெண்டு பேர். பில் பதியறது, வங்கி, பார்ட்டி பாக்கி நான் தனியாச் செஞ்சிருக்கேன். 2பி ஒப்பிட்டுத் தாள் மட்டும் தயார் பண்ணிருக்கேன், ரிட்டன் போட்டதில்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு."

பதினொரு கேள்வி அனுப்பினேன். ஏழு வந்ததாம். சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. பென்டிரைவில் இருந்த நாற்பதை அழித்துவிட்டேன், அதனால் இனி யாரும் அதைக் கேட்டு எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். விளம்பரத்தின் போட்டோவையும், தனியாகச் செய்த வேலைகளின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.